வெள்ளையில் வந்தவள்

வேலூர்
24-2-2024

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கும் வரியை விட்டுவிடுகிறேன். நீங்கள் நலமில்லை, நானும் இல்லை. உங்கள் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அண்ணியின் போனும் அப்படித்தான். அடி அண்ணாமலையில் உங்கள் கடையைத் தெரியாத தபால்காரர் கிடையாது, அதனால் இது எப்படியும் உங்கள் கைக்கு வந்துவிடும். படிப்பதும் கல்லாப்பெட்டிக்குக் கீழே தள்ளுவதும் உங்கள் இஷ்டம்.

அப்பாவின் கருமாதி முடிந்திருக்கும். நாளைக் குறித்து யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டு, அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அண்ணா, நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அப்பாவின் முகத்தை ஏன் எனக்குக் காட்டவில்லை? அவர் பெற்றது நாம் இரண்டு பேர். நீங்கள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் ரோட்டில் நின்றேன். என்ன குற்றம் செய்தேன்? வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதானே.

விடியும் முன்னால் போன் செய்தீர்கள். "அப்பா பூட்டாரு, கெளம்பி வா" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இங்கே சாவு என்றால் கை தானாக பீரோவில் வெள்ளையைத்தான் தேடுகிறது. எங்கள் சபையில் அடக்கத்துக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் வெள்ளைதான். கல்யாணமானவள், ஆகாதவள், புருஷனை இழந்தவள் என்ற பேதமே கிடையாது. ஓரத்தில் மெல்லிய கரை இருந்தால் பரவாயில்லை. சென்னைச் சொந்தங்களில் சிலர் கருப்பில் வருவார்கள், அதையும் ஏற்றுக்கொள்வார்கள். பளிச்சென்று கலரில் வந்தால்தான் துக்கத்தை மதிக்கத் தெரியாதவள் என்று பேசுவார்கள். மாமனார் இறந்தபோது எனக்குத் தெரியாமல் மாம்பழக் கலர் காட்டன் கட்டி நின்றேன். மாமியார் தன்னுடைய வெள்ளை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அந்தப் புடவையைத்தான் அப்பாவுக்கும் கட்டினேன். என்னிடம் இருக்கிற துணிகளில் அதுதான் எனக்கு மரியாதை என்று பட்டது.

பந்தலுக்குள் கால் வைத்ததும் அம்மா என்னைப் பார்த்து ஏதோ கத்தினாள். மேளச் சத்தத்தில் எனக்குக் காது கேட்கவில்லை. உடனே உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். சந்திரம்மாள் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரோட்டில் விட்டாள். "இந்தக் கோலத்துல உள்ள வராத, மாத்திக்கினு வா" என்றாள். கீர்த்தனா அண்ணி ஒரு பழைய புடவையை எடுத்து வந்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்கிறேன் என்றேன். முதலில் மாற்று என்றார்கள். நான் பிடிவாதக்காரி, அது அப்பாவிடமிருந்து வந்தது. அந்தச் சண்டை முடிவதற்குள் பாடையைத் தூக்கிவிட்டீர்கள். மாலைகள்தான் தெரிந்தன. முகம் தெரியவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம், அதனால் தெருமுனையோடு நின்றுவிட்டேன்.

வேதக்கார வீட்டுக்கு, கிறிஸ்தவ வீட்டுக்குப் போனவள் என்பதால்தானே இது? அதை அன்றைக்கே என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம்.

அபிநயா


அடி அண்ணாமலை
2-3-2024

அபிக்கு,

நீ எழுதியதைக் கடையில் நின்றே படித்தேன். பௌர்ணமிக் கூட்டம் போய்க் குப்பை கூட அள்ளி முடிக்காத நேரம். மொட்டைத் தலையோடு நான் அழுவதைப் பார்த்துவிட்டு, மோர் கேட்டு வந்த ஒரு ஆள் கேட்காமலே போய்விட்டான்.

உன்னைப் போல அழகாக எழுத எனக்கு வராது. ஆனால் கோபம் உனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதே. பதினோரு வருஷம் அங்கே இருந்தாய், சரி. அதற்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் இந்த வீட்டில் சோறு தின்றவள்தானே. நம் தெருவில் எத்தனை சாவுக்கு அம்மா கூடப் போயிருப்பாய். அம்மா என்ன கட்டிக்கொண்டு போவாள்? நன்றாகத் துவைத்துச் சாயம் போன காட்டன். பட்டு இல்லை, ஜரிகை இல்லை, புதுசு இல்லை. அடிக்கிற சிவப்பு, மஞ்சள் எடுக்கமாட்டாள். தலையில் பூ வைக்கமாட்டாள். ஆனால் நெற்றியில் குங்குமம் இருக்கும். அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். திரும்பி வந்ததும் கட்டின புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவாள். வெள்ளையை எப்போதாவது தொட்டாளா? ஆம்பளைக்கு வெள்ளை வேட்டி, போர்த்துகிற கோடித்துணி வெள்ளை. புருஷன் இருக்கிற பொம்பளைக்கு மட்டும் அது ஆகாது. அவள் செத்தால்கூட நாம் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டி, பூ வைத்துத்தான் அனுப்புகிறோம்.

தேரடித் தெருவில் வட்டிக்கடை சேட்டு வீட்டில் பெரியவர் போனபோது விசாரிக்கப் போயிருந்தேன். மருமகள்கள், பேத்திகள் எல்லோரும் வெள்ளையில்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அது சரி. அங்கே யாரும் யாரையும் பார்த்துப் பதறவில்லை. நிறம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒவ்வொரு அர்த்தம். எந்த வீட்டுக்குப் போகிறாயோ அந்த வீட்டுக்குத் தகுந்தபடி கட்ட வேண்டும். அது உனக்குத் தெரியாதா?

மதத்தை இதில் இழுக்காதே. நீ சர்ச்சில் வெள்ளைப் புடவையில் கல்யாணம் செய்துகொண்டபோது அப்பா முன் வரிசையில் உட்காரவில்லையா. அம்மா முதல் நாள் ராத்திரி உனக்குத் தெரியாமல் அந்தப் புடவை முனையில் மஞ்சள் தடவினாள். நாங்கள் செய்த கலாட்டா அவ்வளவுதான்.

இப்போது கேள். உனக்குக் கேட்காததைச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுக்கிறார் என்று ஊருக்கே தெரியும். நீ தனியாக வந்தாய். கூட அவர் இல்லை, அவர் வீட்டு ஆட்களும் இல்லை. வெள்ளைப் புடவை. நெற்றியில் பொட்டு இல்லை. அம்மா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தாள். அவள் கத்தியது இதுதான்: "ஐயோ, மாப்பிள்ளையும் பூட்டாரா."

அவள் உன்னைத் திட்டவில்லை. அவர் செத்துவிட்டார் என்று நம்பிவிட்டாள். நம்பியது அவள் மட்டும் இல்லை. தலையில் அடித்துக்கொண்ட பெண்கள் அப்பா ஒப்பாரியை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பேரில் ஆரம்பித்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு ஒப்பாரி. அதை நிறுத்தத்தான் அத்தை உன்னை வெளியே இழுத்தாள். மாற்றிக்கொண்டு வந்திருந்தால் ஐந்து நிமிஷம். நீ நின்று வாதாடினாய். அய்யர் நேரம் ஆகிறது என்றார், தூக்கிவிட்டோம்.

போனைத் தடுத்தது நான்தான். உன் குரலைக் கேட்டால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்.

திருமலை


வேலூர்
12-3-2024

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். எபினேசர் இரண்டு முறை படித்தார். "எனக்கு ஒப்பாரி வச்சது யாரு, நல்லாப் பாடினாங்களா?" என்று கேட்டார். சிரிக்கத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அப்பா இறந்தது திங்கட்கிழமை. திங்கட்கிழமை அவருக்கு டயாலிசிஸ். அந்த நாளை விட்டால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், உயிருக்கே வினையாகிவிடும். மாமியாரை அவருடன் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு நான் பஸ் ஏறினேன். பொட்டு வைக்கவில்லை என்கிறீர்கள். நான் தினமும் வைப்பதில்லை, அது உங்களுக்குத் தெரியும். இதில் எதையுமே போனில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அப்பா இறந்துவிட்டார் என்ற ஒன்று மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

அம்மா கத்தியது அதுதான் என்று தெரிந்த பிறகு கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னை வெறுத்தாள் என்று நினைத்து மூன்று வாரம் அழுதேன். எனக்காகப் பயந்தாள் என்று தெரிந்து இப்போது அழுகிறேன். இரண்டிலும் அப்பாவின் முகம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் அறிவியல் பாடம் நடத்துகிறவள். ஒரு துணியின் நிறத்துக்கும் ஒருவருடைய சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தில் மௌத் ஆனால், அதாவது சாவு விழுந்தால், போகிறவர்களுக்கு நிறமே பொருட்டில்லை. அடக்கமான துணியும் முக்காடும் இருந்தால் போதும். கணவனை இழந்தவள் மட்டும் இத்தா என்று ஒதுங்கி இருக்கும் துக்கக் காலத்தில் நகையையும் பகட்டான துணியையும் ஒதுக்கி வைக்கிறாள். என் மாமியார் மாமனாரை அடக்கம் செய்த வாரத்தோடு வெள்ளையை மடித்து வைத்தவர்தான், இப்போது பச்சையும் ஊதாவும் கட்டுகிறார். புனித வெள்ளிக்கு மட்டும் திரும்ப எடுப்பார். அவ்வளவு ஏன், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரிகள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து கால் வரை வெள்ளையில் டீ குடிக்கிறார்கள். ஊரே துக்கம் விசாரிக்க வந்த மாதிரி இருக்கிறது என்று அம்மாதான் கிண்டல் செய்வாள். அவர்கள் புருஷன்மார் எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள்.

நான் அம்மாவைப் பார்க்க வரலாமா? என்ன நிறத்தில் வர வேண்டும் என்று கீர்த்தனா அண்ணியிடம் கேட்டுச் சொல்லுங்கள். கிண்டலுக்குக் கேட்கவில்லை.

அபிநயா


அடி அண்ணாமலை
9-4-2024

அபி,

பதில் எழுத நாளாகிவிட்டது. வெயிலில் மாடு ஒன்று படுத்துக்கொண்டது.

அம்மாவிடம் நீ வருவதைப் பற்றிக் கேட்டேன். இப்போது வேண்டாம் என்கிறாள். கோபம் இல்லை. பூவும் பொட்டும் இருக்கிறவள் எதிரே வந்தால், அவள் மகளானாலும், புருஷன் போய் வருஷம் திரும்பாதவள் முகம் கொடுக்கக் கூடாது என்கிறாள். நம்மில் யாரும் அப்படி வைத்துக்கொள்வதில்லை என்று சொன்னேன். அம்மாவுக்கு மாமா கொண்டு வந்து போட்ட தாய்வீட்டுக் கோடியே காப்பிக்கொட்டைக் கலர்தான், வெள்ளையெல்லாம் நம் வீட்டில் எப்போதோ போய்விட்டது. அவள் கேட்பதாக இல்லை. மாப்பிள்ளை விஷயத்தில் அவளுக்குப் பயம் ஜாஸ்தி.

நீ பச்சைப் புடவை கட்ட வேண்டுமாம், கை நிறைய வளையல் போட வேண்டுமாம். சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். குங்குமம் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். வைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம்.

நமக்கு இந்த வருஷம் முழுக்கக் கோயில் இல்லை, மலை சுற்றக் கூடாது. அம்மா அதனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கிரிவலம் போகிற முன்பின் தெரியாத ஆட்களை நிறுத்துகிறாள். "எம் மருமவன் பேரச் சொல்லி ஒரு சுத்து வேண்டிக்குங்க, எபநேசன்னு பேரு" என்கிறாள். ஆந்திராக்காரர்கள் கூடத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். மாப்பிள்ளையிடம் சொல், சிரிப்பார்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் நீயாகப் போன் செய்யாதே. எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

திருமலை


வேலூர்
3-7-2024

அண்ணா,

எபினேசரை அடக்கம் செய்து பத்து நாள் ஆகிறது. வந்ததற்கு நன்றி என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

கொழுந்தன் போன் செய்து சொன்னதும் நீங்களும் அண்ணியும் வந்தீர்கள். நீங்கள் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அண்ணி சாயம் போன பழுப்புப் புடவை, நெற்றியில் குங்குமம். வீடு நிறைய வெள்ளைப் புடவைகளுக்கு நடுவே அவள் ஒருத்திதான் கலரில் ஒதுங்கி நின்றாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. ஒருத்தர் எழுந்து நாற்காலி கொடுத்ததை நான் பார்த்தேன். எல்லோரும் அவரவர் வழக்கப்படி சரியாகத்தான் இருந்தீர்கள்.

உங்கள் கையில் துணிக்கடைப் பை இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். நம் பக்கம் புருஷன் போனவளுக்குத் தாய்வீட்டுக் கோடி என்று ஒன்று உண்டு. கூடப் பிறந்தவன் தன் கையால் கொண்டு வந்து அவள் தோளில் போட வேண்டும். உனக்கு இன்னும் ஒரு வீடு இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பாட்டுப் பாடினார்கள், போதகர் ஜெபம் செய்தார். நான் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வருவார், இப்போது பையைத் திறப்பார் என்று. எபினேசர் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பையைப் பார்த்தேன்.

நீங்கள் திறக்கவே இல்லை. பெட்டியை மூடினார்கள். கல்லறையில் எல்லோருடனும் மண் போட்டீர்கள். பையோடு பஸ் ஏறிவிட்டீர்கள்.

எனக்கு இனி அந்த வீட்டில் ஒன்றும் இல்லை என்று சொல்லாமல் சொல்லிவிட்டீர்கள். வாயால் சொல்லியிருந்தால் கொஞ்சம் கம்மியாக வலித்திருக்கும். அம்மா வரவில்லை. ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை.

அபிநயா


அடி அண்ணாமலை
14-7-2024

அபி,

நீ இப்படி எழுதுவாய் என்று நான் நினைக்கவே இல்லை.

அந்தப் பையில் இருந்தது கத்தரிப்பூ நிறத்தில் ஒரு காட்டன். அண்ணி எடுத்தது. உள்ளே வந்து பார்த்தேன். நீ வெள்ளையில் இருந்தாய். உன்னைச் சுற்றி எல்லாரும் வெள்ளை. போன முறை நம் வழக்கம் தெரியாமல் ஒரு நிறத்தோடு வந்து நீ பட்டது போதும், அவர்கள் வழக்கம் தெரியாமல் நான் ஒரு நிறத்தைக் கொண்டு வந்து அவர்கள் மத்தியில் உன் தோளில் போட்டு உனக்கு இன்னொரு அவமானம் தேடித்தரக் கூடாது என்று நினைத்தேன். யாரிடமாவது கேட்கலாம் என்றால் யாரையும் தெரியாது. நம் பக்கம் என்றால் எடுக்கும் முன்னால் பெரியவர்கள் "கோடி போடுங்கப்பா" என்று குரல் கொடுப்பார்கள். அங்கே யாரும் குரல் கொடுக்கவில்லை. பெட்டியை மூடிவிட்டார்கள். நீ கேட்டிருக்கலாம். ஒரு தடவை என்னைப் பார்த்துத் தலையாட்டியிருந்தால் போட்டிருப்பேன்.

இனி அதைத் தபாலில் அனுப்ப முடியாது, கையால்தான் போட வேண்டும். கருமாதி நாளும் தாண்டிவிட்டது. அந்தப் புடவையை என்ன செய்வது என்று தெரியாமல் அண்ணி பரண் மேல் வைத்துவிட்டாள். வீட்டில் வேறு யாரும் அதைக் கட்டக் கூடாது.

அம்மா ஏன் வரவில்லை என்று நீ கேட்கமாட்டேன் என்கிறாய். நான் சொல்ல வேண்டும். செய்தி வந்த அன்றைக்கு அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். "எம் வாயாலயே கொன்னுட்டேனே." அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். யாரிடமும் பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுகிறாள். வாசல் நாற்காலியைத் தானே எடுத்துப் போய் மாட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டாள். தன் வாயில் வந்தது பலித்துவிட்டது, இனி அதைத் திறந்தால் வேறு யாருக்கு என்ன ஆகுமோ என்ற பயம். என் பிள்ளைகள் பக்கத்தில் போனால் கையை நீட்டித் தள்ளுகிறாள்.

நான் சொல்லாத சமாதானம் இல்லை. நீ எழுதினாயே, துணியின் நிறத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று, அதையே சொல்லிப் பார்த்தேன். முன்பு உன்னிடம் இதற்கு எதிராகப் பேசிய நானே இப்போது அம்மா முன்னால் உன் வாயால் பேசுகிறேன். டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். மாப்பிள்ளைக்கு ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, இருதயம் தாங்கவில்லை, அதுதான் காரணம் என்று அவர் எடுத்துச் சொன்னார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் காதில் ஏறப்போவது உன் வார்த்தை ஒன்றுதான். புருஷனைப் பறிகொடுத்தவள் நீ. நீ சொன்னால்தான் அவளுக்கு அது மன்னிப்பு மாதிரி. "உன் வாயால் இல்லை" என்று ஒரு வரி எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன். நேரில் வந்தாயானால் இன்னும் நல்லது. என்ன நிறத்தில் வேண்டுமானாலும் வா. இனி யாரும் பேசமாட்டார்கள்.

உன் அண்ணன்
திருமலை


வேலூர்
28-7-2024

அண்ணா,

நீங்கள் கேட்ட வரியைப் பல முறை எழுதிக் கிழித்தேன். பிறகு இப்படி வந்தது. இதை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, உன் வாயால் எதுவும் நடக்கவில்லை. நீ பந்தலில் கத்தியது எனக்குக் கேட்கவே இல்லை. அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். உன் பேரில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. நீ வழிப்போக்கர்களிடம் எபநேசன் என்று சொன்னதை ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். கடைசி வாரத்தில் கூட அந்தப் பெயரைத்தான் தனக்கு வைத்துக்கொண்டார். அவருக்கு நோய், அவர் போய்விட்டார். நீ சாப்பிடு. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

இங்கே நிறுத்திவிடுங்கள். கீழே இருப்பதை வாசிக்காதீர்கள்.

அம்மாவுக்கு எழுதியது பொய் இல்லை. அம்மாவின் வாய் காரணம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவள் கண்ணில் பட்டதைத்தான் சொன்னாள். அதை அவள் கண்ணில் பட வைத்தது நான்.

சிறுநீரகம் எப்படிக் கெடுகிறது என்று பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். அவருடைய ரிப்போர்ட் ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது. ஜனவரியிலேயே, அப்பா இறப்பதற்கு முன்பே, அவர் இருதயம் பலவீனம் என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தேதியை விரலால் தொட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் மாறவில்லை. அவர் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த நாளில், அவர் உயிரோடு இருக்கும்போதே, நான் வெள்ளை கட்டிக்கொண்டு பிறந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். அவருக்கு ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். பிறகு அவர் போனார். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது இது முட்டாள்தனம் என்று தெரிகிறது. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தால் தெரிவதில்லை. சபையில் யாரிடமும் இதைச் சொல்ல முடியாது, அவர்களுக்கு வெள்ளை என்றால் பரலோகம். மாமியாரிடம் ஒரு நாள் சொல்லப் பார்த்தேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு ஜெபம் செய்தார். நான் என்ன சொல்ல வந்தேன் என்பதே அவருக்குப் புரியவில்லை. புரிகிறவர்கள் உங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள்.

முன்பு வழக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதினீர்கள், நான் வாதாடினேன். இப்போது நீங்கள் டாக்டரம்மாவைக் கூட்டி வருகிறீர்கள். எனக்கு வாதாட ஆள் இல்லாமல் போய்விட்டது.

அம்மாவுக்குச் சொன்ன சமாதானத்தை எனக்கும் எழுதி அனுப்பாதீர்கள், அண்ணா. அது எனக்கு முழுக்கத் தெரியும்.

வரச் சொல்கிறீர்கள். என்ன நிறத்தில் வேண்டுமானாலும் வா என்கிறீர்கள், நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். நான் வரமாட்டேன். பச்சையில் வந்தாலும் சிவப்பில் வந்தாலும் அம்மாவின் கண்ணுக்கு நான் வெள்ளையில்தான் தெரிவேன்.

அபிநயா